மேல் பிளாக் 14, கீழ் பிளாக் 15: ஏற்காட்டு மண் ரிப்போர்ட் ஒன்றைப் படிப்பது எப்படி

மண் பரிசோதனை என்றாலே தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கார அமில நிலை, உப்பு என்றுதான் இத்தனை வருடமும் பார்த்துப் பழகியிருக்கிறோம். இப்போது சில ஆய்வகங்கள் அதோடு மண் சுவாசம், நுண்ணுயிர்த் திரள் கார்பன் என்று இரண்டு வரி சேர்த்துத் தருகின்றன. மண்ணில் உயிர் எவ்வளவு இருக்கிறது, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று காட்டும் எண்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எண்ணுக்குப் பக்கத்திலேயே குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஒரு கட்டமும் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்தவர் 'அதிகம்' என்றால் நல்ல மண், 'குறைவு' என்றால் செத்த மண் என்று உடனே முடிவுக்கு வந்துவிடுகிறார். அப்படிப் படிக்கவே கூடாது என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல, ஏற்காட்டில் எனக்குத் தெரிந்த ஒருவருடைய காப்பித் தோட்டத்து ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்கிறேன், அவர் சம்மதத்தோடுதான். கணக்குப் போட வசதியாக எண்களைக் கொஞ்சம் முழுசாக்கியிருக்கிறேன்.

தோட்டத்தில் இரண்டு பிளாக். மேல் பிளாக்கில் பழைய அரபிகா, மேலே சில்வர் ஓக் நிழல், அதில் மிளகுக் கொடி, தரையில் எப்போதும் சருகு மெத்தை. கீழ் பிளாக்கில் சில வருடங்களுக்கு முன் நிழல் மரங்களை நிறைய வெட்டி வெளிச்சம் விட்டிருக்கிறார்கள், களை எடுத்து எடுத்துத் தரை வெறுமையாகக் கிடக்கிறது. மார்ச் மாதம், பூ மழைக்கு முன்னால், இரண்டிலும் மண் எடுத்து அனுப்பினார். மண் சுவாசம் மேல் பிளாக்கில் ஒரு கிலோ மண்ணுக்கு ஒரு நாளில் 14 மில்லிகிராம் கார்பன், கீழ் பிளாக்கில் 15 என்று வந்தது. 15க்குப் பக்கத்தில் 'அதிகம்' என்ற கட்டம், 14க்குப் பக்கத்தில் 'நடுத்தரம்'.

"தம்பி, கீழ் பிளாக் மண்ணுதான் நல்லா மூச்சு விடுதுன்னு போட்டிருக்கான். அப்ப நிழலை எடுத்தது சரிதானுங்களே?" என்று கேட்டார். மேல் பிளாக்கிலும் நிழலைக் குறைக்கலாமா என்பதுதான் அவர் மனதில் இருந்த அடுத்த கேள்வி. ஆக, இந்த ஒரு எண்ணை நம்பி மரம் விழப் போகிறது.

முதலில் இந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம், அது தெரியாமல் மேலே பேச முடியாது. ஈரம் காயாத மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, உலர் எடைக்கு 50 கிராம் வருகிற மாதிரி எடுத்து, மண் தாங்கும் நீரில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை ஈரத்தைச் சரிசெய்து, காற்றுப் புகாத ஜாடியில் வைக்கிறார்கள். உள்ளேயே ஒரு சின்ன பாட்டிலில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், இங்கே 0.5 நார்மல், 10 மில்லி. மண்ணிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடை அது பிடித்து வைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் ஏழு நாள் வைத்த பிறகு, கரைசலில் பேரியம் குளோரைடு ஊற்றி, பிடிபட்டதைக் கார்பனேட்டாக வீழ்படிய வைத்து, மிச்சம் இருக்கும் காரத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பினாப்தலின் போட்டு டைட்ரேட் செய்கிறார்கள். மண் இல்லாத வெற்று ஜாடி ஒன்றும் கூடவே ஓடும், ஏனென்றால் ஜாடிக்குள் இருக்கும் காற்றிலும் கார்பன் டை ஆக்சைடு உண்டு, அதைக் கழிக்க வேண்டும். கணக்கு இவ்வளவுதான், இதில் 0.5 என்பது அமிலத்தின் நார்மல், 6 என்பது கார்பனின் சமான எடை:

```
கார்பன் (மி.கி.) = (வெற்று மி.லி. - மண் மி.லி.) x 0.5 x 6
கீழ் பிளாக்: (9.80 - 8.05) x 0.5 x 6 = 5.25
5.25 / 0.05 கிலோ / 7 நாள் = 15
```

இதே கணக்கை மேல் பிளாக்குக்குப் பின்னோக்கிப் போட்டால், 14 வருவதற்கு பியூரெட்டில் 8.17 மில்லி இறங்கியிருக்க வேண்டும். 8.05க்கும் 8.17க்கும் வித்தியாசம் 0.12 மில்லி. பியூரெட்டிலிருந்து விழும் ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. அதாவது 'அதிகம்', 'நடுத்தரம்' என்று இரண்டு கட்டமாகப் பிரிந்து நின்ற இரண்டு மண்ணுக்கும் நடுவில் இருப்பது இரண்டரை சொட்டு அமிலம்! இளஞ்சிவப்பு மறைந்துவிட்டதா இல்லையா என்று பார்க்கும் கண்ணிலேயே ஒரு சொட்டு போய்விடும். ஒரே மண்ணை மூன்று ஜாடியில் வைத்திருந்தால் மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்திருக்கும், அந்த விலகலைவிடப் பெரிய வித்தியாசத்தைத்தான் வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. ஆகவே 14ம் 15ம் ஒன்று என்று வைத்துக்கொண்டுதான் நான் மேலே போனேன்.

ஒன்று என்று வைத்தாலும் கேள்வி தீரவில்லை, இன்னும் சுவாரசியமாகிறது. சருகு மெத்தைக்கு அடியில் இருக்கும் மண்ணும், வெயிலில் காய்ந்து கிடக்கும் மண்ணும் எப்படி ஒரே அளவு மூச்சு விடும்?

இங்கேதான் இரண்டாவது எண் வேண்டும். நுண்ணுயிர்த் திரள் கார்பன் என்பது மண்ணில் உயிரோடு இருக்கும் பாக்டீரியா, பூஞ்சை எல்லாவற்றின் உடம்பிலும் இருக்கும் கார்பனின் மொத்தம். இதை அளக்கும் வழியை இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஜென்கின்சனும் பவுல்சனும் 1976ல் சொன்னார்கள்: மண்ணைக் குளோரோபார்ம் ஆவியில் வைத்துக் கொன்றுவிட்டு, செத்த உடம்புகளிலிருந்து கூடுதலாக எவ்வளவு கார்பன் வெளிவருகிறது என்று பார். 1987ல் வான்ஸ், புரூக்ஸ், ஜென்கின்சன் மூவரும் அதையே வேகமாக்கினார்கள். ஒரு பங்கு மண்ணை 24 மணி நேரம் குளோரோபார்ம் ஆவியில் வைப்பது, இன்னொரு பங்கை வைக்காமல் விடுவது, இரண்டையும் பொட்டாசியம் சல்பேட் கரைசலில் குலுக்கி, கரைந்து வந்த கார்பனை அளப்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் செத்த செல்களிலிருந்து வந்தது. ஆனால் செல்லில் இருக்கும் கார்பன் முழுவதும் கரைசலுக்கு வந்துவிடாது, ஒரு பகுதிதான் வரும். அதனால் அந்த வித்தியாசத்தை ஒரு மாற்றுக் காரணியால் வகுக்க வேண்டும். சிலர் 0.38 போடுவார்கள், சிலர் 0.45.

இந்தக் காரணி சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இல்லை. மேல் பிளாக்கில் வித்தியாசம் கிலோவுக்கு 228 மில்லிகிராம். 0.38ஆல் வகுத்தால் 600, 0.45ஆல் வகுத்தால் 507. மண் ஒன்றுதான், ஜாடி ஒன்றுதான், எண் மட்டும் வேறு. போன வருடம் ஓர் ஆய்வகம், இந்த வருடம் வேறு ஆய்வகம் என்று கொடுத்துவிட்டு, நுண்ணுயிர் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று யாராவது கவலைப்பட்டால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். எந்தக் காரணி என்று ரிப்போர்ட்டில் போடாவிட்டால் போன் பண்ணிக் கேளுங்கள், சொல்லத்தான் வேண்டும்.

சரி, இந்த ரிப்போர்ட்டில் 0.38. மேல் பிளாக் 600, கீழ் பிளாக் 225. இந்த வித்தியாசம் இரண்டரை சொட்டு இல்லை, இரண்டரை மடங்குக்கும் மேல். எந்தக் காரணியைப் போட்டாலும் இந்த மடங்கு அப்படியே நிற்கும், ஏனென்றால் இரண்டையும் ஒரே எண்ணால்தான் வகுக்கிறோம்.

இப்போது இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். 600 மில்லிகிராம் உயிர் விட்ட மூச்சையும் 225 மில்லிகிராம் உயிர் விட்ட மூச்சையும் அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கிறது. ஒரு வீட்டில் ஆறு பேர், பக்கத்து வீட்டில் இரண்டு பேர், இரண்டு வீட்டிலும் மாதத்துக்கு ஒரே மூட்டை அரிசி தீர்கிறது என்றால் எந்த வீட்டைப் பற்றி யோசிப்போம்? அந்தத் தலைக்கணக்குக்கு ஒரு பெயர் உண்டு, ரிப்போர்ட்டில் `qCO2` என்று அச்சாகும். ஒரு கிராம் நுண்ணுயிர்க் கார்பன் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிகிராம் கார்பனை மூச்சாக விடுகிறது என்பது. மேல் பிளாக்: 14ஐ 24ஆல் வகுத்தால் 0.58, அதை 0.6 கிராமால் வகுத்தால் சுமார் 0.97. கீழ் பிளாக்: 15ஐ 24ஆல் வகுத்தால் 0.625, அதை 0.225ஆல் வகுத்தால் 2.78.

கணக்குப் போடும் முன் அலகைப் பாருங்கள், இதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சில ஆய்வகங்கள் சுவாசத்தைக் கார்பனாகத் தரும், சில ஆய்வகங்கள் கார்பன் டை ஆக்சைடாகத் தரும். 12 கிராம் கார்பன் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகிறது, ஆக இரண்டாவது எண் முதல் எண்ணைப் போல 3.67 மடங்கு. 14 என்பதை இன்னொரு ஆய்வகம் 51 என்று எழுதும், இரண்டும் சரி. அதே போல ஒரு நாளுக்கா, ஏழு நாளுக்கா என்பதும்.

சரி, 2.78. தலைக்கு இவ்வளவு செலவு என்றால் என்ன அர்த்தம்? ஜெர்மனியில் ஆண்டர்சனும் டோம்ஷும் எண்பதுகளில் இந்தத் தலைக்கணக்கை, அதாவது இந்த ஈவைப் பிரபலமாக்கியபோது அதன் பின்னால் இருந்த எண்ணம் இது: நிலைத்து வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் கிடைக்கும் கார்பனை உடம்பாக்கிக்கொள்ளும், சிக்கனமாக மூச்சு விடும். நெருக்கடியில் இருக்கும் கூட்டம் உயிரைப் பிடித்துக்கொள்ளவே கார்பனை எரிக்கும், உடம்பு வளராது. வெயில், மண் காய்வது, அமிலம், கன உலோகம், எதுவும் நெருக்கடியாகலாம். அந்த எண்ணத்தோடு படித்தால் கீழ் பிளாக் நெருக்கடியில் இருக்கிறது என்று உடனே எழுதிவிடலாம். ஆனால் வார்டில், கானி என்ற இருவர் 1995லேயே இதைக் கேள்வி கேட்டார்கள். ஈவு ஏறுவதற்கு நெருக்கடி மட்டும் காரணம் இல்லை, திடீரென்று புதுச் சாப்பாடு விழுந்தாலும் ஏறும், மண்ணைக் கிளறினாலும் ஏறும், இந்தக் காரணங்களை அந்த ஒரு எண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஈவு ஏறியிருந்தால் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான், காரணத்தை அதுவே சொல்லாது.

ஆகவே விசாரித்தேன். மண் எடுப்பதற்கு முன்னால் கீழ் பிளாக்கில் ஏதாவது போட்டீர்களா என்று கேட்டதற்கு, "நாமக்கல்லுல இருந்து கோழி எரு ஒரு லோடு வந்துச்சுங்க தம்பி, பிப்ரவரி கடைசியில போட்டோம், மேல் பிளாக்குக்குப் போடல" என்றார். பிப்ரவரி கடைசியில் போட்ட எரு, மழை இல்லாத மார்ச்சில் அப்படியே மண்ணோடு கலந்து காய்ந்து கிடந்திருக்கிறது. காய்ந்திருந்த வரைக்கும் நுண்ணுயிர்களால் அதைத் தொட முடியவில்லை. ஆய்வகத்தில் ஈரத்தைச் சரிசெய்யத் தண்ணீர் விட்ட அடுத்த நிமிடத்திலிருந்து பந்தி ஆரம்பம்.

காய்ந்த மண்ணில் தண்ணீர் பட்டதும் மூச்சு எகிறுவது எரு போடாத மண்ணிலும் நடக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த பர்ச் என்பவர் 1958ல் இதை விரிவாக எழுதினார், அவர் பெயரிலேயே பர்ச் விளைவு என்கிறார்கள். காய்ச்சலில் செத்த நுண்ணுயிர்களின் உடம்பு, மண் கட்டிகள் உடைந்து வெளிப்பட்ட கரிமப் பொருள், காய்ச்சலைத் தாங்க செல்கள் சேர்த்து வைத்திருந்த பொருட்கள், எல்லாம் ஈரம் பட்டதும் ஒரே மூச்சில் எரிகின்றன. வேண்டுமென்றே மண்ணைக் காய வைத்து, நனைத்து, 24 மணி நேரத்தில் வரும் அந்த எழுச்சியை அளக்கும் சோதனைகளும் இருக்கின்றன, விலை குறைவு, சீக்கிரம் முடிந்துவிடும். அவற்றின் எண்ணுக்கு அர்த்தம் உண்டு, ஆனால் நான் மேலே சொன்ன ஏழு நாள் அடிப்படைச் சுவாசத்தின் எண்ணோடு அதை ஒப்பிடக் கூடாது. ஏழு நாள் சோதனையில் இந்த எழுச்சி கலக்காமல் இருக்க, ஈரம் சரிசெய்த மண்ணை ஒரு வாரம் போல அப்படியே வைத்திருந்து, ஆரவாரம் அடங்கிய பிறகுதான் ஜாடியை மூட வேண்டும். இந்த ஆய்வகம் அந்த ஒரு வாரத்தை விட்டுவிட்டது. கேட்டபோது ஒப்புக்கொண்டார்கள்.

அப்புறம் இன்னும் இரண்டு மூன்று சந்தேகங்களைத் தீர்க்க வேண்டியிருந்தது. முதலாவது சுண்ணாம்பு. மலை மண் அமில மண், காப்பிக்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ போடுவது வழக்கம். அமில மண்ணில் புதிதாகப் போட்ட சுண்ணாம்பு கரையும்போது அதிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடு வரும், எந்த உயிரும் அதை விடவில்லை, ஆனால் ஜாடியில் இருக்கும் காரத்துக்கு அந்த வேற்றுமை தெரியாது. இவர் தோட்டத்தில் சமீபத்தில் சுண்ணாம்பு போடவில்லை, அதனால் இந்தச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் மலைக்குக் கீழே வந்தால் கவனம் வேண்டும். சேலத்துக்கும் சேர்வராயன் அடிவாரத்துக்கும் நடுவில் மேக்னசைட் கிடக்கும் பகுதி, அதைச் சுற்றியுள்ள நிலங்களில் மண்ணிலேயே கார்பனேட் கலந்திருக்கலாம். மண்ணில் நீர்த்த அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம், சுண்ணாம்புக்கல் என்றால் சட்டென்று நுரைக்கும். மேக்னசைட் அப்படி இல்லை, குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் அது மிக மெதுவாகத்தான் கரையும், நுரை கண்ணுக்கே தெரியாமல் போகலாம். பொடித்து, அமிலத்தைக் கொஞ்சம் சூடாக்கி விட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்து மண்ணில் இன்னொரு சிக்கல், மொத்தக் கார்பனை எரித்து அளக்கும் கருவி கார்பனேட்டையும் சேர்த்தே எண்ணும். கரிமக் கார்பன் என்று எழுதியிருந்தாலும் கார்பனேட்டைக் கழித்தார்களா என்று கேட்காமல் நம்பக் கூடாது. டைக்ரோமேட் போட்டு அளக்கும் வாக்லி-பிளாக் முறையில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது தாமிரம். இலைத் துரு நோய்க்குக் காப்பியில் போர்டோ கலவை அடிப்பது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது, அதில் இருக்கும் தாமிரம் மண்ணின் மேல் அடுக்கில் கரிமப் பொருளோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடும், கழுவிப் போகாது. உலோகம் சேர்ந்த மண்ணில் நுண்ணுயிர்த் திரள் குறைவதும் தலைக்கு மூச்சு கூடுவதும் தெரிந்த விஷயம். இங்கிலாந்தில் வோபர்ன் என்ற இடத்தில் பல வருடம் சாக்கடைக் கசடு போட்ட நிலத்தில் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இந்தத் தோட்டத்தில் இரண்டு பிளாக்கிலும் ஒரே மாதிரி, ஒரே காலம் போர்டோ அடித்திருக்கிறார்கள். இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒன்றை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல முடியாது.

மூன்றாவது வேர். காப்பியின் உறிஞ்சு வேர்கள் மேல் மண்ணிலேயே பாய் விரித்த மாதிரி பரவியிருக்கும். சலிக்கும்போது மெல்லிய வேர்களைப் பொறுமையாகப் பொறுக்கி எடுக்காவிட்டால், குளோரோபார்ம் அவற்றையும் கொன்று அவற்றின் கார்பனையும் நுண்ணுயிர்க் கணக்கில் சேர்த்துவிடும். மேல் பிளாக்கின் 600ல் வேரின் பங்கு இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் இருந்தது, வேர் அங்கேதான் அதிகம். அடுத்த முறை இடுக்கியால் வேர் பொறுக்கச் சொல்லி எழுதியே கொடுத்தோம்.

அடுத்த முறை என்பது ஜூலை. மழை விழுந்து, கோழி எருவில் இருந்த சுலபமான சாப்பாடு எரிந்து முடிந்திருக்கும் காலம். இரண்டு பிளாக்கிலும் மறுபடி எடுத்தோம், கீழ் பிளாக்கில் மட்டும் எடுத்திருந்தால் மார்ச்சுக்கும் ஜூலைக்கும் உள்ள பருவ வித்தியாசம் எது, எருவின் வித்தியாசம் எது என்று பிரிக்க முடியாது. மேல் பிளாக்குக்கு எரு போடவில்லை, ஆகவே அதில் வரும் மாற்றம் பருவத்தின் மாற்றம். சருகை ஒதுக்கிவிட்டு, உர வட்டத்தை விட்டு விலகி, மேல் 15 சென்டிமீட்டர் மண், ஒவ்வொரு பிளாக்கிலும் பல இடத்தில் எடுத்துக் கலந்தது. ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் மலையிலிருந்து இறக்கினோம். இதைச் சொல்லியே ஆக வேண்டும்: ஏற்காட்டுக் குளிரில் எடுத்த மண்ணைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கார் டிக்கியில் போட்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி சேலம் வெயிலில் அரை நாள் நிறுத்தி வைத்தால், ஆய்வகத்துக்குப் போகும் முன்பே பாதி விருந்து முடிந்திருக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் நுண்ணுயிர் மூச்சு ஏறத்தாழ இரண்டு மடங்காகும்.

இந்த முறை ஒரு வாரம் அடங்க வைத்து, மூன்று மூன்று ஜாடி வைத்தார்கள். மேல் பிளாக் சுவாசம் 13, நுண்ணுயிர்த் திரள் 640. கீழ் பிளாக் சுவாசம் 7, நுண்ணுயிர்த் திரள் 210.

மேல் பிளாக்கில் மூச்சு பெரிதாக மாறவில்லை, திரளும் மாறவில்லை. வேரைப் பொறுக்கிய பிறகும் 640 என்பதால் என் வேர்ச் சந்தேகமும் போனது. கீழ் பிளாக்கில் திரள் கிட்டத்தட்ட அப்படியே நிற்க, மூச்சு மட்டும் 15லிருந்து 7க்கு விழுந்தது. தலைக்கணக்கு 2.78லிருந்து 1.39க்கு. மார்ச்சில் நாங்கள் பார்த்த அந்த 'அதிகம்' பெரும்பாலும் கோழி எருவும், அடங்க வைக்காமல் நனைத்த காய்ந்த மண்ணும் சேர்ந்து விட்ட மூச்சு. மண்ணின் சொந்த மூச்சு 7தான். மேல் பிளாக்கின் 0.85ஐவிட இன்னமும் தலைக்கணக்கு கூடத்தான் இருக்கிறது, ஆனால் பயப்படுகிற அளவு இல்லை. முதல் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு கீழ் பிளாக் மண் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் தவறு, கடும் நெருக்கடியில் இருக்கிறது என்று சொன்னாலும் தவறு.

இரண்டு முறையும் மாறாமல் நின்ற ஒன்று உண்டு, நான் அதைத்தான் நம்புகிறேன். மண்ணில் இருக்கும் மொத்தக் கரிமக் கார்பனில் எத்தனை சதவீதம் உயிரோடு இருக்கும் உடம்பில் இருக்கிறது என்ற கணக்கு. மேல் பிளாக்கில் கரிமக் கார்பன் 3.0 சதவீதம், அதாவது கிலோவுக்கு 30,000 மில்லிகிராம். அதில் 600 என்றால் 2 சதவீதம், ஜூலையில் 2.1. கீழ் பிளாக்கில் 1.8 சதவீதம், அதாவது 18,000. அதில் 225 என்றால் 1.25, ஜூலையில் 1.17. நிழல் போனதால் கரிமப் பொருள் குறைந்தது மட்டும் இல்லை, மிச்சம் இருக்கும் கரிமப் பொருளிலும் நுண்ணுயிருக்கு உதவுகிற பங்கு குறைந்திருக்கிறது. பழசாகி, களியோடு ஒட்டிப் போய், தின்ன முடியாததாகக் கிடக்கும் கார்பன்தான் அதிகம், மேலிருந்து புதுச் சருகு விழுவதில்லை.

இந்த விகிதத்துக்கு ஒரு பொது எல்லை சொல்லச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரும்பாலும் 1க்கும் 4க்கும் நடுவில் இருக்கும். ஆண்டர்சனும் டோம்ஷும் 1989ல் ஐரோப்பிய வயல்களில் ஒரே பயிர் போட்ட நிலத்தில் சராசரி 2.3, பயிர் மாற்றிப் போட்ட நிலத்தில் 2.9 என்று சொன்னார்கள். அதை எடுத்துவந்து ஏற்காட்டு அமில மண்ணில் நிழலுக்கு அடியில் இருக்கும் காப்பிக்கு மார்க் போட முடியாது. மலைக்குக் கீழே இருக்கும் குச்சிக்கிழங்குக் காட்டைப் பாருங்கள், செம்மண், கரிமக் கார்பன் 0.5 சதவீதம், நுண்ணுயிர்த் திரள் 120 என்று வைத்துக்கொள்வோம். எண்ணை மட்டும் பார்த்தால் மேல் பிளாக்கில் ஐந்தில் ஒன்று, ஏதோ பாழ் நிலம் மாதிரி. விகிதம் போட்டால் 2.4. இருக்கிற கொஞ்சக் கார்பனில் உயிர் நன்றாகவே இருக்கிறது, அந்த நிலத்துக்கு வேண்டியது இன்னும் கார்பன். கீழ் பிளாக்கின் குறை வேறு, அங்கே கார்பன் இருக்கிறது, தின்னத் தகுந்த கார்பன் வந்து சேர்வதில்லை. ஒரே கட்டத்தில் 'குறைவு' என்று அச்சாகும் இரண்டு நிலங்களுக்கு இரண்டு வேறு வேலை.

ஆய்வக எண்ணுக்கு இன்னொரு எல்லையும் உண்டு. 25 டிகிரியில், சரியான ஈரத்தில், வேரைப் பொறுக்கிவிட்டு அளந்த மூச்சு, அந்த மண் தோட்டத்தில் நிஜமாக விடுகிற மூச்சு இல்லை. அங்கே மரத்தடி மண் அதைவிடக் குளிர்ச்சி, மார்ச்சில் காய்ச்சல், ஜூலையில் ஈரம், வேரும் சேர்ந்து மூச்சு விடுகிறது. இந்த எண் மண்ணுக்கு மண் ஒப்பிடுவதற்கு. வருடத்துக்கு எவ்வளவு கார்பன் போகிறது என்று இதை 365ஆல் பெருக்கி யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

தோட்டத்து அண்ணனிடம் இதையெல்லாம் மேசையில் தாள் போட்டுச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான், "அப்ப மேல நிழலைத் தொட வேண்டாங்கறீங்க." தொட வேண்டாம் என்றேன். கீழ் பிளாக்கில் சில்வர் ஓக் கன்றும் நடுவில் முள்முருங்கையும் வைக்கிறார், கவாத்து செய்த காப்பிக் குச்சியையும் வெட்டிய களையையும் தோட்டத்துக்கு வெளியே தள்ளாமல் வரிசைக்கு நடுவில் போடுகிறார், பழத்தோலை மக்க வைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறார். கோழி எரு போடுவதில் தப்பில்லை, தழைச்சத்துக்கு நல்லது, ஆனால் நிலைத்த நுண்ணுயிர்த் திரளை அது மட்டும் கட்டாது என்பதை அவர் தோட்டத்து எண்களே காட்டிவிட்டன.

அடுத்து அளப்பது வரும் ஜூலையில், மார்ச்சில் இல்லை. எரு போட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும், அதே ஆய்வகம், அதே 0.38, மூன்று ஜாடி, ஒரு வார அடக்கம். ஜூலையில் கீழ் பிளாக்கின் மூன்று பங்குகளில் நுண்ணுயிர்த் திரள் 190லிருந்து 230 வரை விலகி நின்றது. ஆகவே அடுத்த வருடம் 225 வந்தால் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள மாட்டேன், 240 வந்தாலும் தயங்குவேன். 300ஐத் தாண்டி, விகிதமும் 1.5க்கு மேலே போய், மேல் பிளாக் அதே இடத்தில் நின்றால் மட்டும்தான் கீழ் பிளாக்கில் ஏதோ மாறியிருக்கிறது என்று அவரிடம் சொல்வேன்.